கொழுப்பு கேசின் போர்வை போர்த்தினால்: ஹோமோஜினைஸ் செய்த பாலும் சீஸ் எடையும்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பால் பண்ணையின் ஆய்வகத்தில் பதினொரு ஆண்டாக வேலை பார்க்கிறேன். மாலையில் டெய்ரி டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். போச்சம்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண் சென்ற மாதம் பால் வேதியியல் தாளுக்கான ஒரு கேள்வியோடு வந்தாள். "ஹோமோஜினைசேஷன் பாலின் நிலைத்தன்மையையும் சீஸ் விளைச்சலையும் எவ்வாறு பாதிக்கிறது? கேசின் மைசெல்லின் அமைப்பைக் கொண்டு விளக்குக." பத்து மதிப்பெண்.

அவள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் "நிலைத்தன்மை கூடும்" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். நாலு பக்கம் தள்ளி "வெப்ப நிலைத்தன்மை குறையும்". அதற்கும் கீழே "சீஸ் ஈல்டு கூடும்", பக்கத்திலேயே "சீஸ் தயாரிப்புக்கு ஏற்றதல்ல". நாலையும் காட்டி, "அக்கா, இதுல எது தப்பு?" என்றாள்.

நாலும் சரிதான். நாலுக்கும் காரணம் ஒன்றே. ஹோமோஜினைஸ் செய்வது என்றால் பாலிலுள்ள கொழுப்பு உருண்டைகளை உடைத்துச் சிறிதாக்குவது. கொழுப்பு உருண்டை உடைந்து சிறிதாகும்போது அதன் பழைய தோல் போதாமல் போகிறது. அந்தக் குறையை மூடப் பாலின் முக்கியப் புரதமான கேசின் வந்து ஒட்டுகிறது. அதன் பிறகு அந்த உருண்டைக்கு உள்ளே கொழுப்பு, வெளியே கேசின். கேசினுக்கு எது நடந்தாலும் அந்த உருண்டைக்கும் நடக்கும். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன நாலு வரியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் கேசின் மைசெல்

பசும்பாலில் ஏறத்தாழ 3.2 சதவீதம் புரதம் என்றால் அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது சர்க்கரை போலத் தண்ணீரில் கரைந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசின் மூலக்கூறுகள் சேர்ந்து உருண்டையாகத் திரண்டு மிதக்கின்றன. அந்த உருண்டைதான் மைசெல். சராசரி விட்டம் 150 முதல் 200 நானோமீட்டர். பால் வெள்ளையாகத் தெரிவதற்குக் கொழுப்போடு இந்த உருண்டைகளும் காரணம். வெண்ணெய் முழுக்க எடுத்த பாலும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வயல் வரப்பில் ஊமத்தங்காய் பார்த்திருப்போமே, உருண்டையாக, சுற்றிலும் முள்ளோடு. மைசெல்லை அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சதைப்பகுதியில் ஆல்ஃபா கேசினும் பீட்டா கேசினும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கால்சியம் பாஸ்பேட். சுவரில் செங்கற்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து பிடித்திருப்பது போல, மிக நுண்ணிய கொத்துகளாக உள்ளே பரவியிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்தான் காப்பா கேசின். உண்மையில் அது குத்தும் முள் அல்ல, தண்ணீரை விரும்பும் மெல்லிய இழை. எதிர்மின்னூட்டமும் கொண்டது. இரண்டு மைசெல்கள் அருகே வந்தால் இழையும் இழையும் இடித்து, ஒன்றையொன்று தள்ளிவிடும். பால் பாலாகவே இருப்பது இந்த இழைகளால்.

இழைகளின் காவல் போனால் மைசெல்கள் ஒட்டிக்கொள்ளும். காவல் போக இரண்டு பெரிய வழிகள். ஒன்று புளிப்பு. பாலின் பிஹெச் 6.6 அல்லது 6.7. உறை ஊற்றியதும் அது இறங்கி 4.6ஐ நெருங்கும்போது மின்னூட்டம் தீர்ந்து, இழைகள் படுத்துவிடும், தயிர் ஆகிறது. இன்னொன்று, சீஸ் செய்யப் பாலைக் கட்டவைக்கும் ரென்னெட். அதிலுள்ள கைமோசின் என்ற நொதி காப்பா கேசினை ஒரே ஓர் இடத்தில் வெட்டும். அந்தப் புரதச் சங்கிலியில் 169 அமினோ அமிலங்கள். 105ஆவதாக இருக்கும் பினைல்அலனினுக்கும் 106ஆவதாக இருக்கும் மெத்தியோனினுக்கும் இடையே வெட்டு விழுகிறது. வெளியே நீட்டியிருந்த பகுதி கழன்று தண்ணீரோடு போய்விடும். ஊமத்தங்காயின் முள்ளைக் கத்தியால் மழித்துவிட்டது போல. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முள் மழிந்த பிறகே மைசெல்கள் ஒட்டத் தொடங்கும். அதனால்தான் ரென்னெட் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போலத் தெரிந்து, பிறகு சட்டென்று கட்டிக்கொள்கிறது.

7, 49, 343

இப்போது கொழுப்புக்கு வருவோம். கறந்த பசும்பாலில் கொழுப்பு உருண்டையின் சராசரி விட்டம் மூன்று நான்கு மைக்ரான். கணக்குக்கு 3.5 என்று வைப்போம். ஒவ்வோர் உருண்டைக்கும் மாடு கொடுத்த தோல் ஒன்று உண்டு. பாஸ்போலிப்பிடும் புரதமும் கலந்த, ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமன் உள்ள படலம்.

கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, மேலே ஏறும். எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை ஸ்டோக்ஸ் விதி சொல்கிறது:

```
v = d² × (ρ₁ − ρ₂) × g / (18 η)
```

இதில் d உருண்டையின் விட்டம், ρ₁ பால்நீரின் அடர்த்தி, ρ₂ கொழுப்பின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், η பாகுத்தன்மை. அடர்த்தியையும் பாகுத்தன்மையையும் நாம் பெரிதாக மாற்ற முடியாது. கையில் இருப்பது விட்டம் ஒன்றுதான். அதுவும் வர்க்கத்தில் வருகிறது. அங்கேதான் ஹோமோஜினைசர் வேலை செய்கிறது.

பாலை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, 150 முதல் 250 பார் அழுத்தத்தில் ஒரு வால்வின் மிகக் குறுகிய இடுக்கு வழியாகத் தள்ளுகிறோம். பிரான்ஸைச் சேர்ந்த ஓகுஸ்த் கோலின் 1899இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழியும் அதுதான். சூடு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். கொழுப்பு உருகி எண்ணெயாக இருந்தால்தான் உடையும். பாதி உறைந்த கொழுப்பை அழுத்தினால் வெண்ணெய்போலச் சேருமே தவிர, ஒழுங்காக உடையாது.

3.5 மைக்ரான் உருண்டை 0.5 மைக்ரான் ஆகிறது என்று கொள்ளுங்கள். விட்டம் ஏழில் ஒன்று. இனி மூன்று எண்களும் தாமாக வரும். ஓர் உருண்டை 7 × 7 × 7, அதாவது 343 துண்டாகிறது. அவற்றின் மொத்த மேற்பரப்பு 7 மடங்காகிறது. மேலே ஏறும் வேகம் 49இல் ஒரு பங்காகக் குறைகிறது. தேர்வில் "ஏன்?" என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்ணையும் எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் புரிந்து எழுதியது தெரிந்துவிடும்.

இது கண்ணால் பார்க்கக்கூடியது. அந்தப் பெண்ணிடம் வீட்டில் செய்துபார்க்கச் சொன்னேன். அவள் வீட்டில் கலப்பின மாடு இரண்டு. கறந்த பாலைக் காய்ச்சாமல் ஒரு கண்ணாடி டம்ளரில், 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சிட்ட பாக்கெட் பாலை இன்னொரு டம்ளரில். இரண்டையும் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் அசைக்காமல் வைக்க வேண்டும். காலையில் கறந்த பாலில் விரற்கடை அளவுக்கு மஞ்சள் ஏறிய பாலேடு கோடு போட்டது போல நின்றது. பாக்கெட் பாலில் கோடே இல்லை. ஸ்டோக்ஸ் கணக்குப்படி அறைச் சூட்டில் 3.5 மைக்ரான் உருண்டை மணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போல ஏறும், 0.5 மைக்ரான் உருண்டை ஒரு நாள் முழுக்க ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது.

இதில் ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டும். குளிர்ந்த பசும்பாலில் ஏடு, ஸ்டோக்ஸ் சொல்வதைவிடவும் வேகமாக ஏறும். பசும்பாலில் உள்ள ஒருவகை இம்யூனோகுளோபுலின் குளிரில் கொழுப்பு உருண்டைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். கொத்து பெரிது, வேகமும் பெரிது. எருமைப்பாலில் இந்தக் கொத்துச் சேர்க்கை இல்லை. அதனால் உருண்டை பெரிதாக இருந்தும் எருமைப்பால் ஏடு நிதானமாகவே ஏறுகிறது. ஹோமோஜினைஸ் செய்தால் பசும்பாலிலும் இந்தச் சேர்க்கை கெட்டுவிடும்.

ஆகவே, "நிலைத்தன்மை கூடும்" என்ற முதல் வரி ஏடு பிரியாத நிலைத்தன்மையைப் பற்றியது. வேறு எதையும் பற்றியது அல்ல. இதைச் சொல்லாமல் வெறுமனே "நிலைத்தன்மை" என்று எழுதுவதுதான் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடும் இடம்.

தோல் போதவில்லை

மேற்பரப்பு 7 மடங்கானது என்றோமே, அது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். 4 சதவீதம் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலில் எல்லா உருண்டைகளின் மேற்பரப்பையும் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 75 சதுர மீட்டர். ஹோமோஜினைஸ் செய்த பிறகு 500 சதுர மீட்டருக்கு மேல். 75 சதுர மீட்டருக்கு நெய்த தோலை வைத்து 500 சதுர மீட்டரை மூட வழியில்லை. மூடாத கொழுப்பு பக்கத்து உருண்டையோடு மறுபடி சேர்ந்துவிடும். வால்வைத் தாண்டிய அந்தக் கணத்திலேயே வேறு ஏதாவது வந்து மூட வேண்டும். அருகில் நிறைய இருப்பது எது? கேசின் மைசெல். அவை முழு உருண்டையாகவும் உடைந்த துண்டாகவும் பரப்பில் அப்பிக்கொள்கின்றன. வே, அதாவது பால் கட்டியதும் பிரியும் தண்ணீரில் தங்கும் புரதமும் கொஞ்சம் வரும், ஆனால் பெரும்பங்கு கேசின்தான்.

அளவை மனதில் வைத்துக்கொள்ள மறுபடி ஊமத்தங்காய்க்கே போவோம். காய் மூன்று சென்டிமீட்டர் என்றால், அதே அளவுகோலில் பழைய கொழுப்பு உருண்டை எழுபது சென்டிமீட்டர், கல்யாண வீட்டு அண்டா அளவு. உடைந்த உருண்டை பத்து சென்டிமீட்டர், உரித்த தேங்காய் அளவு. அண்டாவின் மேல் ஊமத்தங்காய் ஒட்டினால் யாருக்கும் தெரியாது. தேங்காயைச் சுற்றி ஊமத்தங்காய் ஒட்டினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தேங்காயாகவே தெரியாது.

கொழுப்பு கூடுதலாகவும் கேசின் குறைவாகவும் இருக்கும் இடத்தில், உதாரணமாகக் கிரீமில், மூட வேண்டிய பரப்புக்குக் கேசின் போதாது. அப்போது ஒரே மைசெல் இரண்டு உருண்டைகளுக்கு நடுவே பாலமாக ஒட்டும். உருண்டைகள் திராட்சைக் குலைபோலச் சேரும். இதைப் பிரிக்கத்தான் ஹோமோஜினைசரில் இரண்டாம் நிலை வால்வு, 30 முதல் 50 பார் அளவுக்குக் குறைந்த அழுத்தத்தில். "இரண்டாம் நிலை ஏன்?" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்தால், "மேலும் சிறிதாக்க" என்று எழுதாதீர்கள். குலையைப் பிரிக்க.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடு கொடுத்த தோல் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பைத் தொடாமல் காத்துவந்தது. கேசின் போர்வைக்கு அந்தக் காவல் தெரியாது. காய்ச்சாத பாலை ஹோமோஜினைஸ் செய்து அப்படியே வைத்தால் சீக்கிரமே காறல் வாடை வந்துவிடும். அதனால் பாஸ்சுரைசேஷனை அதோடு ஒட்டியே, உடனடியாக முன்போ பின்போ, செய்கிறார்கள்.

சூட்டில் ஏன் தளர்கிறது

இரண்டாவது வரி, வெப்ப நிலைத்தன்மை. சாதாரணப் பாலை மிக அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் கடைசியில் திரிவது கேசின்தான். கொழுப்பு அந்த ஆட்டத்தில் சேராமல் ஒதுங்கி நிற்கும். ஹோமோஜினைஸ் செய்த பாலில் கொழுப்பும் கேசின் போர்வையோடு நிற்கிறது. திரியக்கூடிய துகள்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. பரப்பில் விரிந்து ஒட்டிய கேசினுக்குப் பழைய மைசெல்லின் ஒழுங்கான இழைக்காவலும் இல்லை. ஆகவே திரிவதற்கு முன் இருந்த அவகாசம் குறைகிறது.

வீட்டுப் பாலில் இது தெரியாது. பாக்கெட் பால் காய்ச்சும்போது திரிந்தால் ஹோமோஜினைசேஷன்மேல் பழி போடாதீர்கள். புளிப்பு ஏறிய பால் அது. இந்த விளைவு வெளிப்படுவது கிரீமிலும், சுண்டக்காய்ச்சிய டின் பாலிலும். ஹோமோஜினைஸ் செய்த கிரீமைச் சூடான காப்பியில் ஊற்றினால் வெள்ளைத் திப்பியாக மேலே மிதக்கிறதே, அதுதான். காப்பியின் புளிப்பும் சூடும் கேசினைத் தாக்குகின்றன, கேசின் போர்த்திய கொழுப்பும் கூடவே திரள்கிறது. கால்சியத்தைக் கட்டிப்போடும் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்பைக் கொஞ்சம் சேர்த்து இதைத் தணிக்கிறார்கள். முன்பு சொன்ன சுண்ணாம்புச் சாந்தை நினைத்துக்கொண்டால், அந்த உப்பு எங்கே போய் வேலை செய்கிறது என்று புரியும்.

ரென்னெட் ஊற்றினால்

இப்போது சீஸ். சில ஆண்டுகளுக்கு முன் ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன சீஸ் கூடத்திலிருந்து அழைத்தார்கள். பெங்களூரு பீட்சாக் கடைகளுக்கு மொசரெல்லா செய்து அனுப்புகிறவர்கள். அன்று கறந்த பால் வரத்து குறைவாக இருந்ததால், ஹோமோஜினைஸ் செய்த பாலை மொத்தமாக வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். ரென்னெட் ஊற்றியதும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே கட்டிக்கொண்டதாம். வேலையாட்களுக்கு மகிழ்ச்சி.

நான் போனபோது கட்டியை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கத்தியைச் சாய்வாக நுழைத்து மெல்லத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். நல்ல கட்டி கண்ணாடி பிளந்தது போல நேராகப் பிளக்கும், பிளவில் பச்சை ஓடிய தெளிந்த நீர் கசியும். இங்கே பிளவு நேராக வரவில்லை, ஓரமெல்லாம் ஈர உப்புமா போலச் சொரசொரப்பு. கிளறத் தொடங்கியதும் துண்டுகள் நொய்யாக உடைந்தன. வே தண்ணீர் தெளியாமல், அடியில் வெள்ளைத் தூளோடு கலங்கி நின்றது. ஆனாலும் கடைசியில் எடை போட்டபோது வழக்கத்தைவிடக் கூடுதல். உரிமையாளர், "எடை கூடத்தானே இருக்கு, என்னம்மா குறை?" என்று கேட்டார். அந்தக் கட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு இழுத்தார்கள். மொசரெல்லா இழை இழையாக நீள வேண்டும். அது நீளவே இல்லை, அறுந்து அறுந்து விழுந்தது. ஒரு நாள் பால் வீண்.

நடந்ததைக் கேசின் போர்வையோடு பொருத்திப் பாருங்கள். ரென்னெட் வெறும் மைசெல்லின் முள்ளை மட்டும் மழிப்பதில்லை. கொழுப்பின் மேல் ஒட்டியிருக்கும் கேசினின் முள்ளையும் மழிக்கிறது. கொழுப்பு உருண்டையும் வலையில் ஒரு கண்ணியாகச் சேர்ந்துகொள்கிறது. ஒட்டக்கூடிய துகள்கள் கூடியதால் சீக்கிரம் கட்டுகிறது. ஆனால் கேசினில் ஒரு பங்கு கொழுப்பைப் போர்த்தப் போய்விட்டது. வலையின் கயிறாக நிற்க வேண்டிய கேசின் குறைந்தது, கயிறு மெலிந்தது. நடுநடுவே கொழுப்பு உருண்டைகள் முடிச்சாக உட்கார்ந்திருப்பதால் வலையால் இறுகிச் சுருங்கவும் முடியவில்லை. சுருங்கினால்தானே தண்ணீர் பிழிந்து வெளியேறும்? தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. அதே சமயம், கொழுப்பு வலையோடு கட்டுண்டதால் வே தண்ணீரில் கொழுப்பு நழுவுவது குறைகிறது. இழுத்தால் நீளாததற்கும் இதுவே காரணம்: நீண்ட கேசின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டிய இடத்தில் முடிச்சுகள் நிற்கின்றன.

அந்த வே தண்ணீரின் கொழுப்பை கெர்பர் முறையில் பார்த்தேன், வழக்கத்தைவிடக் குறைவுதான். கெர்பர் பற்றி ஒரு செய்முறைக் குறிப்பு: ஹோமோஜினைஸ் செய்த பாலுக்கு ஒருமுறை சுழற்றினால் போதாது. உருண்டை சிறிதாக இருப்பதால் கொழுப்பு மேலே வரத் தாமதமாகும். இடையிடையே 65 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து மூன்று முறை சுழற்ற வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தினால் ஃபேட் குறைத்துக் காட்டும்.

கட்டி தளர்ந்தாலே ஹோமோஜினைசேஷன்தான் காரணம் என்றும் முடிவு கட்டக் கூடாது. பாலை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருந்தாலும் கட்டி தளரும். அங்கே நடப்பது வேறு: வே புரதமான பீட்டா லாக்டோகுளோபுலின் சூட்டில் குலைந்து காப்பா கேசினோடு ஒட்டிக்கொள்கிறது, கைமோசின் வெட்டினாலும் மைசெல்கள் நெருங்க முடியாமல் அது இடையில் நிற்கிறது. இரண்டையும் பிரித்தறியக் கடிகாரம் போதும். அதிகச் சூடு பட்ட பால் கட்ட நேரம் எடுக்கும், சில சமயம் கட்டவே கட்டாது. ஹோமோஜினைஸ் செய்த பால் சீக்கிரம் கட்டும், ஆனால் கட்டி மெலிந்திருக்கும்.

கூடிய எடை எதனுடையது

இனி அந்த உரிமையாளரின் கேள்வி. தேர்வில் இதற்கு வான் ஸ்லைக் வாய்ப்பாடு உதவும். செடார் சீஸுக்காக வந்தது, 100 கிலோ பாலுக்கு எத்தனை கிலோ சீஸ் என்று சொல்லும்:

```
Y = (0.93 F + C − 0.1) × 1.09 / (1 − W)
```

F பாலின் கொழுப்புச் சதவீதம், C கேசின் சதவீதம். W என்பது ஒரு கிலோ சீஸில் எத்தனை கிலோ தண்ணீர் என்பது. கொழுப்பில் 93 சதவீதம் சீஸில் தங்கும், மீதி வே தண்ணீரில் போகும் என்பதே 0.93. கழிக்கும் 0.1 கேசினில் ஏற்படும் இழப்பு. மழித்த முள்ளும் தூளாகப் போவதும் அதில் அடக்கம். 1.09 என்பது சீஸில் சேரும் உப்புக்கும் மற்ற திடப்பொருளுக்கும்.

4 சதவீதம் கொழுப்பு, 2.6 சதவீதம் கேசின், 37 சதவீதம் ஈரம் என்று வைப்போம். 0.93 × 4 = 3.72. அதோடு 2.6 கூட்டி 0.1 கழித்தால் 6.22. அதை 1.09ஆல் பெருக்கினால் 6.78. அதை 0.63ஆல் வகுத்தால் 10.76 கிலோ.

ஹோமோஜினைஸ் செய்ததால் கொழுப்புத் தங்குவது 93இலிருந்து 97 ஆகிறது என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். ஈரம் அதே 37 என்றால் ஈல்டு 11.04 கிலோ. கூடியது 0.28 கிலோ. இது நிஜமான லாபம். இப்போது ஈரமும் 40க்கு ஏறுகிறது என்று வையுங்கள். ஈல்டு 11.59 கிலோ. மொத்தம் 0.83 கிலோ கூடியிருக்கிறது, அதில் 0.55 கிலோ ஈரம் ஏறியதால் மட்டும் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்க் கணக்கு. செடாரில் ஈரம் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் உணவுத் தரவிதி சொல்கிறது. ஆக இந்த 40 சதவீதச் சீஸைச் செடார் என்று விற்கவே முடியாது. இதனால்தான் ஈல்டை ஒப்பிடும்போது ஈரத்தைச் சமன்செய்து ஒப்பிட வேண்டும் என்கிறோம். "ஈல்டு கூடும்" என்று எழுதினால், எவ்வளவு கொழுப்பால், எவ்வளவு ஈரத்தால் என்று பிரித்து எழுதுங்கள்.

வாய்ப்பாட்டில் C என்பது கேசின், மொத்தப் புரதம் அல்ல என்பதையும் கவனியுங்கள். நம் பக்கம் பால் சொசைட்டியில் ஃபேட்டும், கொழுப்பு தவிர்த்த திடப்பொருளான எஸ்.என்.எஃப்பும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். மடிநோய் வந்த மாட்டின் பாலில் கேசின் குறையும். ரத்தத்திலிருந்து கசியும் வே புரதம் கூடும். மொத்தப் புரதம் பார்த்தால் பெரிதாக மாறியது தெரியாது. ஆனால் அதே கணக்கில் கேசினை மட்டும் 2.6இலிருந்து 2.3 ஆக்கிப் பாருங்கள், 10.76 கிலோ 10.24 ஆகிவிடும். 100 கிலோ பாலுக்கு அரைக் கிலோ சீஸ் போயிற்று.

அந்தப் பெண் கணக்கை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "அப்படின்னா சீஸுக்கு ஹோமோஜினைஸ் பண்ணவே கூடாதாக்கா? தயிருக்குப் பண்றாங்களே?" நல்ல கேள்வி. தயிரில் நாம் தண்ணீரைப் பிழிவதில்லை. உள்ளேயே நிற்க வேண்டும் என்றுதான் விரும்புகிறோம். வலை சுருங்காமல் இருப்பதும், கொழுப்பு முடிச்சுகள் வலையில் சேர்ந்து நிற்பதும் அங்கே நன்மை. கெட்டித் தயிரின் மேல் தண்ணீர் தேங்காமல் இருக்கிறது. கிரீம் சீஸுக்கும் அப்படியே, ஈரத்தோடு மென்மையாக இருப்பதுதான் அதன் குணம்.

நீலப் பூஞ்சை ஓடும் புளூ சீஸில் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். தோலை உடைத்தால் லைப்பேஸ் உள்ளே நுழைந்து காறல் வரும் என்றோம் அல்லவா? அந்தச் சீஸின் காரமான மணம் பிறப்பதே கொழுப்பு உடைந்து வரும் கொழுப்பமிலங்களிலிருந்து. அங்கே நொதிக்கு வழி திறந்துவிடவே ஹோமோஜினைஸ் செய்கிறார்கள். கொழுப்பு நுண்ணியதாகி ஒளியைச் சிதறடிப்பதால் சீஸும் மஞ்சள் குறைந்து வெளுக்கும். அந்த வெள்ளையில் நீல நரம்பு பளிச்சென்று தெரியும்.